விழுந்தவரோடு பலகையும் விழுந்ததா?

சாரத்திலிருந்து ஒருவர் விழுகிறார். உயிருக்கு ஆபத்தில்லை. மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, முழங்கை உரசியிருக்கிறது. அன்று மாலை தளச் சூப்பர்வைசர் எழுதும் அறிக்கை பெரும்பாலும் இரண்டு வரிதான்: “பணியாளர் கவனக்குறைவால் கால் வழுக்கி விழுந்தார். இனிக் கவனமாக இருக்கும்படியும் ஹெல்மெட், பெல்ட் அணியும்படியும் அறிவுறுத்தப்பட்டது.” கையெழுத்து, தேதி, கோப்பு. இந்த இரண்டு வரியில் உண்மை எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதற்காகவே இந்த இதழின் ஆசிரியர் உரை.

இடம் ஹவுரா. அங்கே கட்டுமானம் என்றால் நம் நினைவுக்கு வருவது 1943இல் திறந்த பாலம், அல்லது 2024 மார்ச்சில் திறந்து ஹூக்ளி ஆற்றுக்கு அடியில் ரயில் ஓடவைத்த மெட்ரோ. அப்படிப்பட்ட பெருந்தளங்களில் பாதுகாப்பு அதிகாரி உண்டு, படிவம் உண்டு, விசாரணைக் குழு உண்டு. ஆனால் சிப்பூர், சல்கியா பக்கத்துச் சந்துகளில் நாலு மாடி வீடு கட்டும் தளத்தில் இதில் எதுவும் கிடையாது. 1998ஆம் ஆண்டு மத்திய விதிகளின்படி 500 தொழிலாளர் இருந்தால்தான் பாதுகாப்பு அதிகாரி கட்டாயமாக இருந்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தொகுப்பு கட்டுமானத்துக்கு அதை 250ஆகக் குறைத்திருக்கிறது. இருபது பேர் வேலை செய்யும் தளத்துக்கு இரண்டும் ஒன்றுதான். அங்கே விசாரணை அதிகாரியும் எழுத்தரும் சூப்பர்வைசர் ஒருவரே.

அப்படி ஒரு தளத்தை எடுத்துக்கொள்வோம். ஆட்கள் கற்பனை, நடப்பது எங்கும் நடப்பது. ஜூலை மாதம், வெளிப்பூச்சு வேலை, மூங்கில் சாரம். சூப்பர்வைசர் திருநெல்வேலிக்காரர், கொத்தனாரும் உதவியாளரும் முர்ஷிதாபாத்திலிருந்து வந்தவர்கள். செவ்வாய்க்கிழமை காலை 10.40க்குக் கலவைப் பாண்டோடு சாரத்தின் முதல் தட்டில் நடந்த உதவியாளர் 1.7 மீட்டர் கீழே, மணல் குவியலின் ஓரத்தில் விழுந்தார். இடது மணிக்கட்டில் அடி. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை.

முதலில் கேட்க வேண்டிய கேள்வி: பலகை எங்கே? ஆள் வழுக்கியிருந்தால் பலகை இருந்த இடத்தில் இருக்கும். ஈரம், சறுக்கிய செருப்புத் தடம், சிந்திய கலவை எல்லாம் அதன் மேலேயே கிடைக்கும். பலகையின் மறுமுனை எழும்பிக் கவிழ்ந்திருந்தால் பலகையும் கீழே கிடக்கும், அல்லது சாரத்தில் சாய்ந்து தொங்கும். நம் தளத்தில் 3 மீட்டர் பலகை ஆளுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. ‘கால் வழுக்கி’ என்ற சொல் இந்த ஓர் உண்மையிலேயே அடிபட்டுப் போகிறது. ஆனால் அடிபட்டவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டுத் திரும்புவதற்குள் யாரோ ஒருவர் பலகையை எடுத்துப் பழைய இடத்தில் போட்டிருப்பார். வேலை நிற்கக் கூடாது அல்லவா! அதனால் முதலுதவி நடக்கும்போதே இன்னொருவர் செல்போனில் நாலு படம் எடுத்துவிட வேண்டும். பலகை கிடக்கும் இடம், சாரத்தின் அந்தப் பகுதி கீழிருந்து, அதே பகுதி மேலிருந்து, விழுந்த இடம். இதற்கு இரண்டு நிமிடம் போதும்.

கீழிருந்து எடுத்த படத்தில்தான் விஷயம் தெரிந்தது. பலகையைத் தாங்க நாலு குறுக்குக் கட்டைகள் இருக்க வேண்டும். கடைசிக் கட்டையைக் காணோம். அது கட்டியிருந்த இடத்தில் அறுந்த கயிறு தொங்கியது. முனை அறுபட்டது போல் நேராக இருந்தது, இற்றுப்போனது போல் பிசிறு இல்லை. அதாவது யாரோ வேண்டுமென்றே கழற்றியிருக்கிறார்கள். டேப் வைத்து அளந்தால் மூன்றாவது கட்டைக்கு அப்பால் பலகை 1 மீட்டர் வெறும் காற்றில் நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. 38 மில்லிமீட்டர் தடிமன், 225 மில்லிமீட்டர் அகலம், 3 மீட்டர் நீளம் உள்ள பலகை சுமார் 18 கிலோ இருக்கும். அதன் எடை மையம் மூன்றாவது கட்டையிலிருந்து அரை மீட்டர் உள்ளே இருக்கிறது. ஆளும் பாண்டும் சேர்ந்து 75 கிலோ என்றால், மூன்றாவது கட்டையைத் தாண்டி வெறும் 12 சென்டிமீட்டர் போனதுமே பலகை கவிழும். அரைச் சாண் தூரம். அந்த இடத்தில் எவ்வளவு கவனமானவர் கால் வைத்திருந்தாலும் விழுந்திருப்பார். கடைசிக் கட்டைக்கு அப்பால் பலகை தடிமனைப் போல் நாலு மடங்குக்கு மேல் நீளக் கூடாது என்ற பழைய வழக்கமும் இங்கிருந்து வருவதுதான். 38 மில்லிமீட்டருக்கு அது 15 சென்டிமீட்டர். நாலு கட்டையும் இருந்து முனை அவ்வளவே நீண்டிருந்தால் அதே 75 கிலோ முனையில் நின்றாலும் பலகை எழும்பாது. ‘கவனக்குறைவு’ என்று எழுதக் கை போகும்போதெல்லாம் சூப்பர்வைசர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கவனமான ஆள் தப்பியிருப்பாரா? இல்லை என்றால் அந்தச் சொல்லுக்கு அறிக்கையில் இடமில்லை.

கட்டையை யார் கழற்றினார்? விசாரித்தால் வந்துவிடும். திங்கள் மாலை 4 மணிக்கு ஜன்னல் கிரில்லை உள்ளே வாங்க வழிவிட வேண்டியிருந்தது. கிரில் போடுபவர் கயிற்றை அறுத்துக் கட்டையைக் கழற்றினார், வேலை முடிந்ததும் கட்டிவிடலாம் என்று நினைத்தார். சற்று நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் இறங்கிவிட்டார்கள். செவ்வாய் காலை கிரில் ஆட்கள் வேறு தளத்துக்குப் போய்விட்டார்கள், பூச்சு ஆட்கள் ஏறினார்கள். சாரத்தை 7 நாளுக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும், மாற்றம் செய்தாலும் பெருமழை பெய்தாலும் மறுபடி பார்த்த பிறகே ஏற வேண்டும் என்பதுதான் முறை. இங்கே இரண்டும் ஒரே மாலையில் நடந்திருக்கின்றன. ஆனால் தளத்தில் சாரம் பார்க்கும் நாள் சனிக்கிழமை என்று வைத்திருந்தார்கள். அப்படியென்றால் அறிக்கையில் காரணம் இப்படி வரவேண்டும்: குறுக்குக் கட்டை கழற்றிய பிறகு பலகை அப்படியே விடப்பட்டது, மழைக்கும் மாற்றத்துக்கும் பிறகு சாரம் பார்க்கப்படவில்லை. இரண்டாவது காரணத்தில் சூப்பர்வைசரின் பொறுப்பும் இருக்கிறது. அதை அவர் எழுதத் தயங்குவார். அந்தத் தயக்கத்தில்தான் ‘கவனக்குறைவு’ பிறக்கிறது.

அடிபட்டவரிடம் கேட்பது எப்படி என்பதும் முக்கியம். “வழுக்கிட்டியா?” என்று கேட்டால் தலையாட்டுவார். அன்றாடக் கூலிக்காரர், வேலை போய்விடுமோ என்ற பயம், போதாததற்கு மொழி வேறு. “பாண்டைத் தூக்கினதிலிருந்து சொல்லு” என்று ஆரம்பிக்கவிட்டு, நடுவில் குறுக்கிடாமல், வங்காளம் தெரிந்த ஒரு மேஸ்திரியை வைத்துக் கேட்டு, எழுதியதை அவருக்கே படித்துக்காட்ட வேண்டும். “பலகை எழும்பிடுச்சு” என்று அவர் சொன்னால் அப்படியே எழுத வேண்டும். அதை ‘சமநிலை இழந்து’ என்று நாம் அழகாக்கினால் பழி மறுபடியும் அவர் காலுக்கே போய்விடும்.

இனி சரிசெய்த நடவடிக்கை. ஹெல்மெட் அணியச் சொன்னோம் என்பது மணிக்கட்டு அடிக்கு மருந்தல்ல. ஹார்னஸ் என்பது இன்னும் மோசமான பதில். 1.8 மீட்டர் கயிறு, அதிர்ச்சி தாங்கி விரிய ஒரு மீட்டருக்கு மேல், கொக்கியிலிருந்து கால்வரை ஒன்றரை மீட்டர், தரைக்கு மேல் கொஞ்சம் இடைவெளி என்று கூட்டினால், காலடி மட்டத்தில் கொக்கி மாட்டிய ஆளுக்கு 5 மீட்டருக்கு மேல் உயரம் வேண்டும். 1.7 மீட்டரில் கயிறு இறுகுவதற்கு முன்பே அவர் தரையில் இருப்பார். அதோடு அந்த மூங்கில் சாரம் விழும் ஆளின் இழுப்பைத் தாங்கும் என்று யார் உறுதி சொல்வது? தாழ்ந்த உயரத்தில் ஆளைக் காப்பது பலகையும் கட்டையும் கைப்பிடியும்தான்.

நம் சூப்பர்வைசர் எழுதக்கூடியது இது: அந்தப் பகுதி 11 மணிக்குக் கயிறு கட்டி மூடப்பட்டது. கட்டை மறுபடி கட்டி, பலகை முனைகளும் கட்டப்பட்டன, மேஸ்திரி பார்த்தார். இனி கட்டையைக் கழற்றுபவர் அதன் மேல் உள்ள பலகையையும் சேர்த்து இறக்க வேண்டும். பலகை இல்லாத இடத்தில் யாரும் நடக்க மாட்டார்கள். சாரத்தில் வேறு குழு வேலை செய்த நாளில் ஏணியை மாலையில் எடுத்துவிட்டு, மறுநாள் காலை பார்த்த பிறகே வைக்க வேண்டும். மழைக்கு மறுநாள் காலை 7.30க்கு மேஸ்திரி சாரத்துக்கு அடியில் நடந்து மேலே பார்க்க வேண்டும். அடியிலிருந்து என்பது அழுத்திச் சொல்லப்பட வேண்டும். மேலே நின்று பார்த்தால் பலகை முழுசாகத்தான் தெரியும், கட்டை இல்லாதது கீழிருந்துதான் தெரியும். பொறுப்பு மேஸ்திரியின் பெயரில், அடுத்த திங்கள் சூப்பர்வைசர் மறுபடி பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஒவ்வொன்றையும் யாராவது கண்ணால் பார்த்து ‘ஆச்சு’, ‘ஆகலை’ என்று சொல்ல முடியும். ‘அறிவுறுத்தப்பட்டது’ என்பதை அப்படிச் சரிபார்க்க வழியில்லை.

ஒரு சிக்கல் மீதமிருக்கிறது. விபத்துக்குப் பிறகு 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாமல் போனால் அதிகாரிக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். இந்த வரம்பு 1996 சட்டத்திலும் இருந்தது, புதிய சட்டத்தொகுப்பிலும் உண்டு. நம் உதவியாளர் வியாழன் காலை 8 மணிக்கு வந்துவிட்டார், 45 மணி 20 நிமிடம். அறிவிப்பு தேவையில்லை என்று நிம்மதிப் பெருமூச்சு விடுவதற்கு முன், அவர் வந்து என்ன செய்தார் என்று எழுதுங்கள். பாண்டு தூக்கினாரா, அல்லது வருகைப் பதிவேட்டில் கைநாட்டு வைக்கச் செய்து கேட் பக்கம் உட்கார வைத்தீர்களா? இரண்டாவது என்றால் அவர் வேலை செய்யத் தகுதி பெற்றுவிட்டார் என்று சொல்வது நேர்மையல்ல. அது இந்தத் தொழிலில் பலர் கண்டும் காணாமல் போகும் ஏமாற்று. வியாழன் செய்த வேலை என்ன, மருத்துவர் என்ன எழுதினார் என்ற இரு வரி அறிக்கையில் இருந்தாக வேண்டும்.

இத்தகைய அறிக்கைகளைத் தொடர்ந்து வெளியிட விரும்புகிறோம். உங்கள் தளத்தில் நடந்த சிறு விழுதல் ஒன்றின் அறிக்கையை, நிறுவனம், ஆள் பெயர்களை அடித்துவிட்டு, கீழிருந்து எடுத்த ஒரு படத்தோடு அனுப்புங்கள்.