"மாதம் 95,000 வரை" என்று சொன்னால், அந்த "வரை" எங்கே இருக்கிறது?



ஏ.எல். பெறுபேறு வந்த கையோடு நம் பிள்ளைகளில் பலருக்குக் கிடைக்கும் முதல் தொழில் சேல்ஸ் ரெப். பிஸ்கட் கம்பனி, சோப் கம்பனி, பால்மா ஏஜென்ட், லீசிங், இன்சூரன்ஸ் என்று பெயர் மாறும். கடிதம் மட்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அதைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வரும் பிள்ளைகளும் வாப்பாமாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "சேர், நல்ல சம்பளமா?" அந்தக் கடிதத்தில் இருப்பது சம்பளம் இல்லை, ஒரு கணக்கு என்பதுதான் எங்கள் பதில். கணக்கைச் செய்து பார்க்காமல் நல்லது கெட்டது சொல்ல முடியாது.

இந்த வகைக் கணக்கு ஊவாவில் யாருக்கும் புதிதல்ல. பதுளை, பசறை, லுணுகலைத் தோட்டங்களில் இருப்பவர்களுக்கு 2016 ஒக்டோபரில் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தம் நினைவிருக்கும். நாட்சம்பளம் 730 ரூபா என்று எல்லோரும் பேசினார்கள். பிரித்துப் பார்த்தால் அடிப்படைச் சம்பளம் 500. வரவுக் கொடுப்பனவு 60, விலைப் பங்குக் கொடுப்பனவு 30, உற்பத்திக் கொடுப்பனவு 140. குறித்த கிலோ கொழுந்து பறிக்காத நாளில் 140 இல்லை. மாதத்தில் வரவு போதாவிட்டால் 60 இல்லை. மழையில் கொழுந்து குறைந்து, சுகமில்லாமல் சில நாள் நின்றுவிட்ட அக்காவுக்கு 730 என்பது பேப்பரில் வந்த செய்தி, கைக்கு வந்தது 530. சேல்ஸ் கடிதமும் இதே தையல்தான். கொழுந்துக்குப் பதிலாக ஓர்டர், கிலோவுக்குப் பதிலாக டார்கெட்.

ஒரு கடிதத்தை எடுத்துக் கணக்குப் பார்ப்போம். தொகைகள் நாம் கணக்குக்காக வைத்தவை, ஆனால் இப்போது சுற்றும் கடிதங்களின் சாயலில்தான் இருக்கின்றன. மொனராகலை, வெல்லவாய, புத்தல, பிபிலைப் பக்கம் கடை கடையாகப் போக வேண்டும். பேசிக் 35,000. பயணக் கொடுப்பனவு 15,000. மாத டார்கெட் 30 இலட்சம் ரூபா விற்பனை. விற்பனையில் ஒன்றரை சதவீதம் கொமிஷன். 30 இலட்சத்துக்கு அது 45,000 ஆகும். மூன்றையும் கூட்டினால் 95,000. நேர்முகத்தில் சொல்லப்படுவது இந்த இலக்கம்தான். "இன்னும் கூடச் செய்தால் இன்னும் கூட எடுக்கலாம் தம்பி" என்பார்கள். அது பொய்யும் இல்லை.

ஆனால் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கும்: டார்கெட்டில் 80 சதவீதத்துக்குக் குறைந்தால் கொமிஷன் இல்லை. முழுக் கணக்கும் இந்த வரியில்தான் தொங்குகிறது. 24 இலட்சம் விற்ற பிள்ளைக்கு 36,000 கொமிஷன். 23 இலட்சத்து 90 ஆயிரம் விற்ற பிள்ளைக்குப் பூச்சியம். இரண்டு பேரும் ஒரே வெயிலில்தான் ஓடியிருக்கிறார்கள். பத்தாயிரம் ரூபாப் பொருள் 36,000 ரூபாவைத் தீர்மானிக்கிறது. மாதக் கடைசியில் ரெப் பிள்ளைகள் கடைக்காரரிடம் கெஞ்சி, தேவையில்லாத பெட்டிகளை இறக்கிவிட்டு வருவது ஏன் என்று இப்போது விளங்கும். அந்தப் பெட்டிகள் அடுத்த மாதம் திரும்பி வரும்போது அந்த மாதக் கணக்கில் கழியும். இது நியாயமான ஏற்பாடு இல்லை என்பது எங்கள் கருத்து. விற்றதற்கு விற்றபடி கொடுத்து, டார்கெட்டைத் தாண்டியவருக்குக் கூடக் கொடுப்பதுதான் முறை. அப்படிக் கொடுக்கும் கம்பனிகளும் இருக்கின்றன.

அடுத்தது கையில் மிஞ்சுவது எவ்வளவு என்பது. நம் மாவட்டம் பரந்த மாவட்டம். நாளுக்கு 100 கிலோமீற்றர் பைக் ஓடினால் 25 நாளில் 2,500 கிலோமீற்றர். லீற்றருக்கு 40 கிலோமீற்றர் என்றால் அறுபத்திரண்டரை லீற்றர் பெற்றோல். லீற்றர் 300 ரூபா என்று வைத்தால் 18,750 ரூபா. கொடுப்பனவு 15,000. மிச்சம் 3,750 பேசிக்கில் இருந்து போகிறது. டயரும் ஒயிலும் வேறு. ஊழியர் சேமலாப நிதிக்கு பேசிக்கில் 8 சதவீதம், 2,800 வெட்டப்படும். (கொமிஷனுக்கு வெட்டுவதை இங்கே சேர்க்கவில்லை, கணக்கு இலேசாக இருக்கட்டும்.) ஆக, டார்கெட்டில் 70 சதவீதம் செய்த மாதத்தில் கைக்கு வருவது 28,450. 80 சதவீதம் செய்தால் 64,450. நூறு சதவீதம் செய்தால் 73,450. 95,000 என்ற இலக்கத்தை முழு டார்கெட் செய்தவர்கூடக் கையில் காணமாட்டார்.

அப்படியானால் கேட்க வேண்டியது "எவ்வளவு எடுக்கலாம்" என்பதல்ல. "60 சதவீதம் செய்தால் எவ்வளவு, 80 செய்தால் எவ்வளவு, 100 செய்தால் எவ்வளவு, எழுதிக் காட்டுங்கள்" என்று கேட்க வேண்டும். அந்த 60 சதவீத மாதத்தில் வீட்டை ஓட்ட முடியுமா என்று உம்மா வாப்பாவோடு இருந்து பார்க்க வேண்டும். பேசிக் பற்றி ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரல் 1 முதல் 27,000, 2026 ஜனவரி 1 முதல் 30,000. கொமிஷன் ஒரு சதமும் விழாத மாதத்திலும் சம்பளத்தாளில் அதற்குக் குறைந்து இருக்கக் கூடாது. "பேசிக் 20,000, மிச்சம் உன் திறமை" என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்.

30 இலட்சம் என்ற டார்கெட் ஓடக்கூடியதா? இதை நாமே பார்க்கலாம். 25 நாளுக்குப் பிரித்தால் நாளுக்கு 1,20,000. நாளுக்கு 30 கடை ஏறி 20 கடை ஓர்டர் தந்தால், கடைக்கு 6,000 ரூபா. வாரம் ஒரு தடவை போகும் கடை என்றால் மாதம் 24,000 ரூபாவுக்கு அந்த ஒரு கம்பனியின் பொருளை எடுக்க வேண்டும். மெதகமப் பக்கத்துச் சின்னக் கடை அதை எடுக்குமா? யாரிடமும் ஊகம் கேட்கத் தேவையில்லை, கடைக்காரர்கள் நம் சொந்தக்காரர்கள்தானே. நாலு கடையில் ஏறி "நானா, இந்தக் கம்பனிச் சாமான் மாதம் எவ்வளவுக்கு எடுக்கிறீங்க? முன்னம் வந்த ரெப் ஏன் போனார்?" என்று கேட்டால் போதும். அந்த ரூட்டில் வருடத்துக்கு மூன்று ரெப் மாறியிருந்தால் அதுவே விடை. கம்பனியிடமும் கேட்கலாம்: இந்த ரூட்டில் கடந்த 12 மாதம் மாதாமாதம் எவ்வளவு விற்றது, எத்தனை மாதம் டார்கெட் அடித்தது. கணக்கு வைத்திருக்கும் கம்பனிக்கு இது ஒரு நிமிட வேலை.

நம் மாவட்டத்துக்கென்று இன்னொரு விஷயம் உண்டு. இங்கே காசு எல்லா மாதமும் ஒரே மாதிரி ஓடாது. சோளம் விற்றால் கடை நிறையும், நெல் அறுத்தால் நிறையும், பெல்வத்தை, செவனகலைப் பக்கம் கரும்புக் காசு வந்தால் நிறையும், பெருநாளுக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் நிறையும். இடையில் வரும் மாதங்களில் கடைக்காரர் கொப்பியில் கடன்தான் எழுதுவார். அதனால் டார்கெட் மாதக் கணக்கா, மூன்று மாதக் கணக்கா என்பது பெரிய வித்தியாசம். ஒரு பிள்ளை 22, 22, 34 இலட்சம் என்று விற்றதாக வைப்போம். மாதக் கணக்கில் முதல் இரண்டு மாதமும் பூச்சியம், மூன்றாம் மாதம் 51,000. மூன்று மாதத்தைச் சேர்த்தால் விற்பனை 78 இலட்சம், டார்கெட் 90 இலட்சம், 80 சதவீதக் கோடு 72 இலட்சம். கோட்டைத் தாண்டியதால் 78 இலட்சத்துக்கும் கொமிஷன், 1,17,000. அதே பிள்ளை, அதே விற்பனை, 66,000 ரூபா வித்தியாசம். மூன்று மாதக் கணக்கு எப்போதும் இலாபம் என்றும் நினைக்க வேண்டாம். 34, 15, 15 என்று விற்றால் மொத்தம் 64 இலட்சம்தான், கோட்டைத் தொடாது, நல்ல மாதத்தின் 51,000 கூடப் போய்விடும். ரூட்டின் பழைய கணக்கைக் கேட்கச் சொன்னது இதற்காகவும்தான்.

கொமிஷன் எப்போது பிறக்கிறது என்பதையும் பாருங்கள். ஓர்டர் எழுதியதற்கா, சாமான் இறங்கியதற்கா, காசு வந்ததற்கா? கடைக்கு 45 நாள் கடன் கொடுத்து, காசு வந்த பிறகே கொமிஷன் என்றால் முதல் இரண்டு மாதமும் பேசிக்கில்தான் ஓட வேண்டும். சில கம்பனிகள் அந்த மாதங்களுக்கு ஒரு தொகை தருவார்கள். அது சும்மா தருவதா, பின்னால் கொமிஷனில் கழிப்பதா என்று எழுத்தில் வாங்க வேண்டும். கழிப்பது என்றால் அதன் பெயர் கடன். செக் திரும்பினால் யார் தலையில் விழும் என்பதையும் அதே பக்கத்தில் தேடுங்கள்.

இன்சூரன்ஸ் பக்கம் போகும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. உங்கள் கையில் இருப்பது நியமனக் கடிதமா, ஏஜென்ட் ஒப்பந்தமா? ஏஜென்ட் என்றால் பெரும்பாலும் பேசிக்கே இல்லை, கொமிஷன் மட்டும்தான். கம்பனியின் ஊழியர் என்றால் அவர்கள் 12 சதவீதம் சேமலாப நிதிக்கும் 3 சதவீதம் ஊழியர் நம்பிக்கை நிதிக்கும் கட்ட வேண்டும். ஏஜென்டுக்கு அது வராது. இரண்டு பேரும் ஒரே டை கட்டி, ஒரே ஒபிஸில் இருப்பதால் வெளியில் வித்தியாசம் தெரியாது.

கடிதம் ஆங்கிலத்தில் இருக்கும். ஒப்பம் வைக்க முன் யாரிடமாவது கொடுத்து வாசிப்பியுங்கள், எங்களிடம் கொண்டு வந்தாலும் சரி. குறிப்பாக இரண்டு வரிகளைத் தேட வேண்டும். ஒன்று, டார்கெட்டையும் ரூட்டையும் கம்பனி விரும்பியபடி மாற்றலாம் என்ற வரி. இது அநேகமாக எல்லாக் கடிதத்திலும் உண்டு, நீக்கச் சொன்னால் நீக்கமாட்டார்கள். ஆனால் மாற்றுவதை ஒரு மாதம் முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்று சேர்க்கக் கேட்கலாம். மற்றது, வேலையை விட்டுப் போகும்போது காசு வராமல் இருக்கும் பில்களின் கொமிஷனைப் பற்றிய வரி. "வேலையை விட்ட நாளோடு உரிமை முடியும்" என்று இருந்தால், கடைசி 45 நாள் உழைப்புக்குக் கொமிஷன் இல்லை என்று அர்த்தம். வேறு வேலை கிடைத்து ராஜினாமா எழுதும் நாளில்தான் பலர் அந்த வரியை முதன்முதலாக வாசிக்கிறார்கள்.