பத்தாயிரம் முறை உருட்டிய பகடையும் டெல்லி விமான நிலைய மெட்ரோவும்

புது டெல்லி ரயில் நிலையத்திலிருந்து விமான நிலையம் வழியாகத் துவாரகா 21ஆம் செக்டர் வரை ஆரஞ்சுத் தடம் 2011 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. முப்பதாண்டு உரிம ஒப்பந்தத்தின் கீழ் தனியார் நிறுவனம் ஒன்று அதை இயக்கியது. 2012 ஜூலையில் பாலக் கட்டுமானத்தின் குறைபாடுகளைக் காரணம் காட்டிச் சேவை நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் நிறுவனம் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளும் அறிவிப்பை அளித்தது. 2013 ஜூலை முதல் டெல்லி மெட்ரோ ரயில் கழகமே தடத்தை இயக்குகிறது. முப்பதாண்டுக் கணக்கு மூன்றாண்டைக்கூட எட்டவில்லை.

முதலீட்டுத் திட்டங்களின் நிகர நிகழ்கால மதிப்பைச் சமவாய்ப்பு எண்களைக் கொண்டு உருவகித்துக் காட்டும் ஆய்வேடுகளைப் படிப்போர் இத்தடத்தை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. டேவிட் ஹெர்ட்ஸ் 1964இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூ இதழில் முன்வைத்த முறை எளிமையானது. விற்பனைக்கும் செலவுக்கும் ஒற்றை எண்ணைத் தராமல் நிகழ்தகவுப் பரவலைத் தர வேண்டும். ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு மதிப்பை எடுத்து நிகர நிகழ்கால மதிப்பைக் கணக்கிட வேண்டும். இதை ஆயிரக்கணக்கான முறை திரும்பச் செய்து, விடைகள் எப்படிச் சிதறுகின்றன என்று பார்க்க வேண்டும். முறையில் பிழையில்லை. பிழை பெரும்பாலும் அந்தச் சிதறலின் அகலத்தில் இருக்கிறது. அந்த அகலத்தைத் தீர்மானிப்பது கணினி அன்று, எவரும் கேள்வி கேட்காத ஓர் அனுமானம்.

கற்பனையான ஒரு தடத்தை எடுத்துக்கொள்ளலாம். பின்வரும் எண்கள் விளக்கத்திற்காக மட்டுமே. முதலீடு 800 கோடி ரூபாய், ஆயுள் 30 ஆண்டு, தள்ளுபடி வீதம் 10 விழுக்காடு. நாளொன்றுக்கு 40,000 பயணிகள் வருவர், ஒருவரிடமிருந்து சராசரியாக 100 ரூபாய் கிடைக்கும் என்றால் ஆண்டு வருவாய் 146 கோடி. இயக்கச் செலவு 40 கோடி போக 106 கோடி மிஞ்சும். நிகர நிகழ்கால மதிப்பு ஏறத்தாழ 200 கோடி. திட்டத்தை ஏற்கலாம்.

இப்போது பரவல்களுக்கு வருவோம். பயணிகள் குறைந்தது 15,000, பெரிதும் வாய்ப்புள்ளது 40,000, கூடியது 45,000 என முக்கோணப் பரவல். செலவு அவ்வாறே 36, 40, 50 கோடி. பயணிகளின் முக்கோணம் கீழ்ப்பக்கம் நீண்டிருப்பதற்கு டெல்லியிலேயே காரணம் உண்டு. மெட்ரோவின் முதற்கட்டத்திற்கு 2005இல் நாளொன்றுக்கு 31.85 லட்சம் பயணிகள் வருவர் என்று முதலில் மதிப்பிட்டனர். அது பின்னர் 15 லட்சமாகக் குறைக்கப்பட்டது. 2007 இறுதியில் உண்மையில் பயணித்தவர்கள் ஏழு லட்சத்தைத் தொடவில்லை.

இப்பரவலின் சராசரி 40,000 அன்று, 33,333. செலவின் சராசரி 42 கோடி. எனவே நிகர நிகழ்கால மதிப்பின் சராசரி சுமார் 50 கோடி நட்டம். ஒற்றை எண்ணில் 200 கோடி ஆதாயம் காட்டிய அதே திட்டந்தான் இது. தமிழில் 'எதிர்பார்க்கப்படும் மதிப்பு' என்று எழுதும்போது இங்கேதான் இடறுகிறது. வழக்கில் எதிர்பார்ப்பது மிகவும் நடக்கக்கூடியதை. புள்ளியியலில் அச்சொல் குறிப்பது சராசரியை. சாய்ந்த பரவலில் இரண்டும் ஒன்றல்ல.

அடுத்து அகலம். பெரும்பாலான மாணவர் கணக்குகளில் முப்பது ஆண்டுகளுக்கும் தனித்தனியே பயணிகள் எண்ணிக்கை எடுக்கப்படுகிறது. அட்டவணையில் ஒரு வாய்பாட்டை எழுதி முப்பது கட்டங்களுக்கும் இழுத்துவிடுவது எளிது. அப்படிச் செய்தால் மேற்கண்ட தடத்தில் திட்ட விலக்கம் சுமார் 53 கோடி மட்டுமே. நூற்றுக்குத் தொண்ணூறு விடைகள் 135 கோடி நட்டத்திற்கும் 37 கோடி ஆதாயத்திற்கும் இடையே அடங்கும். வரைபடம் அழகிய மணிவடிவம் பெறும். அந்த அழகு தடத்தின் இயல்பு அன்று. தொடர்பற்ற பல எண்களைக் கூட்டினால் எதிலும் வரும் வடிவம் அது.

அந்தக் கணக்கில் இவ்வாண்டு 20,000 பேரும் அடுத்த ஆண்டு 44,000 பேரும் பயணிப்பர். நல்ல ஆண்டு கெட்ட ஆண்டை ஈடுசெய்துவிடும். உண்மையான ரயில் தடத்தில் அப்படி நேர்வதில்லை. விமானப் பயணி வாடகைக் காரை விட்டு ரயிலுக்கு வருவாரா என்பதில் மதிப்பீட்டாளர் தவறியிருந்தால், அத்தவறு முதலாண்டோடு முடியாமல் ஆண்டுதோறும் தொடரும். ஆகவே ஓர் ஓட்டத்திற்கு ஒருமுறை மட்டும் எண்ணிக்கையை எடுத்து முப்பது ஆண்டுக்கும் அதையே வைத்துப் பார்க்க வேண்டும். சராசரி மாறாது, அதே 50 கோடி நட்டம். திட்ட விலக்கமோ 227 கோடியாகிறது. தொண்ணூறு விழுக்காட்டு எல்லை 470 கோடி நட்டம் முதல் 260 கோடி ஆதாயம் வரை விரிகிறது. ஆதாயத்திற்கான வாய்ப்பும் 18 விழுக்காட்டிலிருந்து 48க்கு ஏறுகிறது. முதற்கணக்கைப் பார்ப்பவர், பெரும்பாலும் சிறு நட்டத்தில் முடியும் திட்டம் என்பார். இரண்டாம் கணக்கு காட்டுவது ஏறக்குறைய சரிபாதி வாய்ப்புள்ள, ஆனால் விழுந்தால் முதலீட்டில் பாதிக்கு மேல் போகும் சூதாட்டம். உண்மை இரண்டுக்கும் இடையில், இரண்டாவதற்கு நெருங்கியே இருக்கும்.

'பத்தாயிரம் ஓட்டங்கள்' என்ற சொற்றொடர் ஆய்வேடுகளில் ஏதோ சான்றிதழ்போல வருகிறது. அவ்வளவு ஓட்டங்கள் சராசரியை இரண்டு மூன்று கோடி துல்லியத்திற்குக் கொண்டுவரும், அவ்வளவே. 53ஆ, 227ஆ என்பதை ஓட்டங்களின் எண்ணிக்கை தொடுவதில்லை. ஆய்வேட்டைத் திருத்துவோர் ஓட்ட எண்ணிக்கையைக் கேட்பதைவிட, ஓராண்டின் எண்ணுக்கும் மறு ஆண்டின் எண்ணுக்கும் என்ன தொடர்பு வைக்கப்பட்டது என்று கேட்கலாம். விடை ஆய்வேட்டில் இல்லையென்றால், தொடர்பு சுழியம் என்றே கொள்ள வேண்டும்.

இவ்வளவும் திருத்திய பிறகும் ஆரஞ்சுத் தடத்துக்கு நேர்ந்தது வரைபடத்தில் வராது. 15,000, 45,000 என்ற எல்லைகளுக்குள் 'தடம் மூடப்பட்டது' என்ற மதிப்பே இல்லை. அதைத் தனி நிகழ்வாகச் சேர்க்க வேண்டும். மூன்றாண்டில் ஒப்பந்தம் முறிய பத்தில் ஒரு வாய்ப்பு, இழப்பீடு ஏதுமில்லை என்று வைத்தால், மேற்கண்ட தடத்தில் 500 கோடி முதல் 770 கோடி வரையிலான நட்டத்தில் தனித் திமில் ஒன்று முளைக்கும். இழப்பீடு கிடைத்தால் அத்திமில் வலப்பக்கம் நகரும். எவ்வளவு நகரும் என்பதைப் பயணிகளோ செலவோ சொல்லாது.

ஆரஞ்சுத் தடத்தில் அதைச் சொன்னவை நடுவர் மன்றமும் நீதிமன்றங்களும். 2017இல் நடுவர் மன்றம் நிறுவனத்திற்கு ஏறத்தாழ 2,782 கோடி ரூபாயும் வட்டியும் தரச் சொன்னது. 2019இல் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு அத்தீர்ப்பை ஒதுக்கியது. 2021இல் உச்ச நீதிமன்றம் அதற்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 2024 ஏப்ரலில் அதே நீதிமன்றம் சீராய்வுக்கும் அடுத்த கட்டமான குறைதீர் மனுவை ஏற்று, நடுவர் தீர்ப்பை நீக்கியது. ஏழாண்டுகள் அத்தொகை பல ஆயிரம் கோடியாகவோ சுழியமாகவோ மட்டுமே இருந்தது. அவ்விரண்டின் சராசரியை ஓர் அட்டவணைக் கட்டத்தில் இட்டிருந்தால், எந்தத் தீர்ப்பும் வழங்காத ஒரு தொகையே அங்கே நின்றிருக்கும்.