‘பாலிசியைப் புதுப்பிக்க மாட்டோம்’: கடிதத்தில் காரணம் எழுதியிருக்கிறதா?

சங்கரன்கோவிலில் ஒரு விசைத்தறிக் கூடம் இருக்கிறதுன்னு வச்சுக்குவோம். தறிகளுக்கும் நூல், சேலை இருப்புக்கும் தீ விபத்துக் காப்பீடு மார்ச் 31-ல் முடிகிறது. பிப்ரவரி 14-ல் இன்சூரன்ஸ் நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம்: “இந்த ஆண்டு புதுப்பிக்க இயலாது.” அப்படிச் சொல்ல முடியுமா?

முடியும். மருத்துவக் காப்பீட்டில், முந்தைய ஆண்டுகளில் க்ளெய்ம் வாங்கியதைக் காரணம் காட்டிப் புதுப்பிக்க மறுக்கக் கூடாது. தொழிற்கூடக் காப்பீடு வேறு. பெரும்பாலும் அது ஓராண்டு ஒப்பந்தம். அதைத் தொடர்வது பற்றி, பாலிசியில் உள்ள ‘புதுப்பித்தல்’ நிபந்தனை என்ன சொல்கிறது என்பதை முதலில் படிக்கணும்.

ஆனால் அரசு நிறுவனங்கள் மனம்போன போக்கில் மறுக்க முடியாது. க்ளெய்ம் தகராறில் வழக்குப் போட்டவருக்கு மெடிக்ளெய்ம் பாலிசியைப் புதுப்பிக்க யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் மறுத்தது. அது நியாயமற்றது, தொடர்பில்லாத காரணத்தைச் சொல்லி மறுக்கக் கூடாது என்று 2001-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

காரணம் ஏன் முக்கியம்?

அடுத்த நிறுவனத்தின் விண்ணப்பப் படிவத்தில், ‘இதற்கு முன் யாராவது காப்பீடு தர மறுத்தார்களா?’ என்ற கேள்வி வழக்கமாக இருக்கும். மறைத்தால், நாளைக்குத் தீப்பிடிக்கும்போது அதையே காரணமாக்கி க்ளெய்மை நிராகரிக்க இடமுண்டு. உண்மையைச் சொன்னால் ‘ஏன் மறுத்தார்கள்?’ என்று கேட்பார்கள். கையில் இருப்பது “நிர்வாகக் காரணங்களால்” என்ற ஒற்றை வரி என்றால், மோசடி ஏதாவது நடந்திருக்குமோ என்ற சந்தேகம்தான் வரும்.

அதுவே, “ஆய்வில் பழைய வயரிங் இருந்தது, மோட்டார் பக்கத்தில் பஞ்சுத் தூசி படிந்திருந்தது” என்று எழுதியிருந்தால் வழி இருக்கிறது. வயரிங்கை மாற்றி, தூசியைச் சுத்தம் செய்து, எலெக்ட்ரீஷியன் சான்றையும் போட்டோவையும் புதிய நிறுவனத்திடம் காட்டலாம். பழைய நிறுவனத்திடமே மறுபரிசீலனையும் கேட்கலாம். “இந்தத் தொழிலுக்கே காப்பீடு தருவதை நிறுத்திவிட்டோம்” என்று இருந்தால், குறை கூடத்தில் இல்லை என்பதற்கு அந்தக் கடிதமே சாட்சி. ஆக, காரணம் தெளிவில்லாத கடிதம் வந்தால், எழுத்துமூலமாகவே விளக்கம் கேளுங்க. கூடவே, கடந்த ஆண்டுகளின் க்ளெய்ம் விவரத்தையும் கேட்டு வாங்கணும்.

அந்த 45 நாளில் என்ன செய்வது?

முதல் வாரமே, கடன் கொடுத்த வங்கிக்குத் தகவல் சொல்லணும். அடமானச் சரக்குக்குக் காப்பீடு இருக்க வேண்டும் என்பது பொதுவாகக் கடன் நிபந்தனையிலேயே இருக்கும். ஏஜென்ட் பொதுவாக ஒரு நிறுவனத்துக்கு வேலை செய்பவர். புரோக்கர் பல நிறுவனங்களிடம் விலை கேட்டுத் தருவார். நேரில் ஆய்வு, கூடுதல் கேள்விகள் என நாட்கள் ஓடிவிடும் என்பதால் மார்ச் கடைசி வாரம் வரை காத்திருக்க முடியாது.

1938-ம் ஆண்டு காப்பீட்டுச் சட்டத்தின் 64VB பிரிவின்படி, பிரீமியம் முன்கூட்டியே வந்து சேராமல் காப்பீடு தொடங்காது. ‘பேசி முடிச்சாச்சு’ என்பது பாதுகாப்பு ஆகாது. மார்ச் 31 நள்ளிரவுக்கும் புதிய பாலிசிக்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி விழுந்து, அன்றைக்குத் தீப்பிடித்தால் மொத்த நஷ்டமும் உரிமையாளர் தலையில்தான்.

ஒரு தொழிலை விட்டு விலக நிறுவனத்துக்கு உரிமை உண்டு. விலகும்போது காரணத்தைத் திட்டவட்டமாக எழுதி, மாற்று தேட ஒரு மாதத்துக்குக் குறையாமல் அவகாசம் தருவதுதான் முறை. ஆண்டுக்கணக்கில் பிரீமியம் கட்டியவருக்கு அந்த அளவு கடமைப்பட்டிருக்கிறது நிறுவனம்.