கல்யாணம் ஆனா இனிஷியலை மாத்தணுமா?

மாத்தியே ஆகணும்னு எந்தச் சட்டமும் இல்லைங்க. நம்ம ஊர்ல இனிஷியல் குடும்பப் பெயர் கிடையாது. யாருடைய மகள், யாருடைய மனைவி என்பதற்கான அடையாளம். அதனாலதான் கல்யாணமானதும் அப்பாவோட எழுத்து போய், கணவரோட எழுத்து வருது. இது வெறும் வழக்கம்.

சிக்கல் ஆவணங்கள்லதான். உதாரணத்துக்கு, மயிலாப்பூர் ரா. கவிதான்னு ஒருத்தரை வச்சுக்கோங்க. பான் கார்டுல வெறும் எழுத்தை ஏத்துக்க மாட்டாங்க. அதனால அப்பா பெயரை விரிச்சு 'கவிதா ராமன்'னு வாங்கியிருப்பாங்க. பேங்க், பி.எஃப். எல்லாம் அதே பெயர்தான். கல்யாணத்துக்கு அப்புறம் ஆதாரை மட்டும் 'கவிதா சுரேஷ்'னு மாத்திட்டா? பி.எஃப். பணம் எடுக்கும்போது, பெயர் ஒத்துப்போகலைன்னு விண்ணப்பம் நின்னுடலாம். திரும்பவும் ஆதாரை மாத்தலாமேன்னா, அதுல பெயரை வாழ்நாள்ல ரெண்டு தடவைதான் திருத்தலாம்.

இன்னொண்ணு கவனிங்க. கல்யாணமான பெண்ணுக்கும் பான் விண்ணப்பம் பெற்றோர் பெயரைத்தான் கேக்குது, கணவர் பெயரை இல்ல. ஸ்கூல், காலேஜ் சர்டிஃபிகேட்டும் பழைய பெயர்லயேதான் இருக்கும்.

அதனால என் கருத்து, பத்திரிகையிலயும் வாசல் பலகையிலயும் எந்த எழுத்து வேணும்னாலும் போட்டுக்கோங்க, ஆவணத்துல பழசே இருக்கட்டும். கணவர்னு நிரூபிக்க திருமணப் பதிவுச் சான்றிதழ் போதும். மாத்தியே தீரணும்னா, அந்தச் சான்றிதழை வச்சு முதல்ல ஆதார், அடுத்து பான், அப்புறம் பேங்க், பி.எஃப்.னு எல்லாத்தையும் ஒரே எழுத்துக்கோர்வையில் மாத்திடுங்க. பாதியில மட்டும் விட்டுடாதீங்க.