ரமளான் பலகையில் யாருக்காக நட்சத்திரம்?

ரமளான் நெருங்கும்போது நம் மக்தப் வகுப்பறைகளின் அறிவிப்புப் பலகைகள் புத்தாடை அணிந்துகொள்கின்றன. பிறையும் விளக்கும் வண்ணத்தாளில் உருப்பெறுகின்றன. பல ஆண்டுகளாக நாமும் பிள்ளைகளோடு அமர்ந்து இப்பணியைச் செய்து வருகிறோம். அதில் நாம் செய்த ஒரு பிழையையும் அதைத் திருத்திக்கொண்ட விதத்தையும் பெற்றோரிடமும் உஸ்தாதுமார்களிடமும் சொல்லிவிட விரும்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் பலகையின் நடுவே பெரியதொரு கட்டம் போட்டோம். இடப்பக்கம் இருபத்தாறு பிள்ளைகளின் பெயர்கள். எதிரே முப்பது நாள்களுக்கு முப்பது கட்டங்கள். நோன்பு நோற்ற நாளுக்கு ஒரு பொன்னிற நட்சத்திரம். முதல் பத்து நாள்களில் பலகை மின்னியது, நாமும் மகிழ்ந்தோம். பின்னர் மூத்த மாணவி ஒருத்தி வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். அவளுடைய தாயார் வந்து தயங்கித் தயங்கிச் சொன்னபோதுதான் நமக்குப் புரிந்தது. அவள் பெயருக்கு எதிரே தொடர்ந்து ஆறு கட்டங்கள் வெறுமையாக இருந்தன. அதன் பொருள் என்னவென்று வகுப்பிலுள்ள பையன்களும் ஊகித்துவிட்டனர். மார்க்கம் நோன்பை விடச் சொன்ன நாள்களை நாம் சுவரில் எழுதி ஊருக்குக் காட்டியிருந்தோம். அஸ்தஃபிருல்லாஹ்!

அதே கட்டத்தில், சர்க்கரை நோய்க்கு நாள்தோறும் ஊசி போட்டுக்கொள்ளும் சிறுவனின் வரிசையும் வெறுமையாகவே இருந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருவனோ, பகலில் தண்ணீர் குடித்துவிட்டு மாலையில் நட்சத்திரம் கேட்டு வாங்கிக்கொண்டான். ஒரு தாள் ஒருத்தியை நாணச் செய்தது, ஒருவனை ஒதுக்கியது, ஒருவனுக்குப் பொய் பழக்கியது. நோயாளிக்கும் பயணிக்கும் அல்லாஹ் அளித்த சலுகை அல்பகரா அத்தியாயத்தின் 184ஆம் வசனத்தில் தெளிவாக உள்ளது. நோன்பு அடியானுக்கும் அவனுடைய இரட்சகனுக்கும் இடையிலான மறைவான வணக்கம். அதற்கு வகுப்புச் சுவரில் வருகைப்பதிவு வைக்க நமக்கு உரிமையில்லை.

எனவே அடுத்த ரமளானில் நட்சத்திரங்களைப் பெயர்களின் எதிரிலிருந்து எடுத்துப் பலகையின் ஓரத்திற்குக் கொண்டு சென்றோம். நம் பலகை 4 அடி அகலம், 3 அடி உயரம். ஓரத்தில் 3 அங்குலச் சதுரங்களாக ஒட்டினால் மேலும் கீழும் பதினாறு, மூலைகளை விட்டுப் பக்கத்திற்குப் பத்து. மொத்தம் 52 சதுரங்கள். இருபத்தாறு பிள்ளைகளுக்கு ஆளுக்கு இரண்டு. பெயர் எழுதுவதில்லை, யாருடைய சதுரம் எங்கே இருக்கிறது என்பது ஒட்டிய பிள்ளைக்கு மட்டும் தெரியும்.

ஒவ்வொரு சதுரத்திலும் ஓர் எண்முனை நட்சத்திரம். மதீனாவில் அச்சாகும் முஸ்ஹஃப்களில் ஹிஸ்பின் கால்பகுதியைக் காட்டும் அடையாளமாகப் பிள்ளைகள் காணும் வடிவமே அது. செய்வது எளிது. 2 அங்குல அளவில் இரண்டு மஞ்சள் சதுரங்களை வெட்ட வேண்டும். பச்சை அட்டையில் மூலைக்கு மூலை இரண்டு கோடுகளும், நடுவே நெடுக்காகவும் குறுக்காகவும் இரண்டு கோடுகளும் பென்சிலால் இட வேண்டும். முதல் சதுரத்தின் முனைகள் மூலைக்கோடுகளின் மீதும், இரண்டாவதன் முனைகள் நடுக்கோடுகளின் மீதும் படியுமாறு ஒட்டினால் நட்சத்திரம் தானே பிறக்கும். அதன் எதிரெதிர் முனைகளுக்கு இடையே ஏறத்தாழ 2.8 அங்குலம் இருக்கும். 3 அங்குல அட்டைக்குள் அடங்கிவிடும். மஞ்சள் சதுரத்தை இரண்டரை அங்குலமாக வெட்டிவிட்டால் முனைகள் வெளியே நீண்டு பக்கத்து நட்சத்திரத்தின் மீது ஏறும். ஒட்டும்போது நான்கு மூலைகளை முதலில் ஒட்டிவிட்டு நடுவை நோக்கி வர வேண்டும். ஒரு முனையிலிருந்து தொடங்கினால் சிறு பிசகுகள் சேர்ந்து கடைசிச் சதுரத்துக்கு இடமில்லாமற் போகும்.

பின்னணிக்குச் சார்ட் தாளைவிடப் பருத்தித் துணியே மேல். வாரந்தோறும் குத்தி எடுக்கும் ஊசிகளின் துளைகள் தாளில் தெரியும், துணியில் தெரியா. 44 அங்குல அகலத் துணியில் ஒன்றரை மீட்டர் போதும்.

எழுத்துகளிலும் ஒரு பாடம் கற்றோம். முன்பெல்லாம் ‘ரமளானே வருக’ என்று எழுதுவோம். முதல் பிறை கண்ட மறுநாளே அந்த வாசகம் பழையதாகிவிடும். இப்போது மாதம் முழுதும் பொருந்துமாறு ‘ரமளான்’ என்ற ஒரே சொல், 4 அங்குல உயரத்தில். தனியே வெட்டி ஒட்டிய ‘ன்’ எழுத்தின் புள்ளி இரண்டே நாளில் உதிர்ந்துவிடும் என்பதால், எழுத்தையும் புள்ளியையும் சேர்த்து ஒரே வெள்ளை அட்டையில் ஒட்டி, அதன் பிறகே பலகையில் பொருத்துகிறோம். இறைவசனங்களை மினுக்குத் தாளில் வெட்டி ஒட்டுவதையும் விட்டுவிட்டோம். பெருநாளுக்குப் பின் கழற்றிய வசனத் துண்டுகள் குப்பைக் கூடையில் கிடந்ததை ஒருமுறை கண்டோம். வசனத்தின் எண்ணை மட்டும் எழுதுகிறோம். பிள்ளைகள் முஸ்ஹஃபைத் திறந்து தேடி ஓதிக்கொள்கிறார்கள்.

ஓரமும் தலைப்பும் மாதம் முழுதும் நிற்கும். நடுப்பகுதி மட்டும் வியாழன்தோறும் அசருக்குப் பின் மாறும். முதல் வாரத்தில் பிறை. கறுப்பு அட்டையில் வெட்டிய ஏழு வட்டங்களில் நாளுக்கு ஒன்றாக, மஃக்ரிபுக்குப் பின் தான் கண்ட வடிவத்தை ஒரு பிள்ளை மஞ்சள் தாளால் ஒட்டும். மேகம் மறைத்த நாளில் வட்டம் கறுப்பாகவே இருக்கும். ‘மேகம்’ என்று அடியில் எழுதுவோம். வழக்கமாகப் பிறையின் வளைவுக்குள் நட்சத்திரம் வரையும் பிள்ளைகளே, அந்த இருண்ட பகுதியும் நிலவின் உடல்தான், அதற்குள் விண்மீன் தெரியாது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். ஏழாம் நாள் ஏறத்தாழ அரைநிலவு வந்தபோது, கண்ணால் கண்ட ஒரு வாரக் கணக்கு சுவரில் இருந்தது.

இரண்டாம் வாரத்தில் நோன்புக் கஞ்சி: அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம் சிறு பைகளில், அவரவர் வீட்டில் கஞ்சி காய்ச்சுபவரைப் பற்றி இரண்டு வரிகள். மூன்றாம் வாரத்தில் ஸகாத்: நாற்பது வட்டங்கள், அவற்றில் ஒன்று மட்டும் பச்சை. இரண்டரை விழுக்காடு என்பதைக் கணக்குப் போடாமலே ஏழு வயதுப் பிள்ளை புரிந்துகொள்கிறது. நான்காம் வாரத்தில் ஃபித்ராவுக்கான அரிசிப் பை. பெருநாள் தொழுகைக்கு முன்பே அது உரியவரைச் சென்றடைய வேண்டும் என்ற நினைவூட்டலுடன்.

‘கட்டம் இருந்தால்தானே பிள்ளைகள் ஆர்வமாக நோன்பு நோற்பார்கள்?’ என்று சில பெற்றோர் கேட்கிறார்கள். ஊக்கம் வேண்டியதுதான். அதற்கு வீட்டில் ஒரு சிறு குறிப்பேடு போதும். அங்கே தாய் அறிவார், பிள்ளை அறியும், அல்லாஹ் அறிவான். வேறெவரும் அறிய வேண்டியதில்லை.

வகுப்பை விட்டு நின்ற அம்மாணவி மறு ரமளானில் திரும்பி வந்தாள். 52 நட்சத்திரங்களில் இரண்டு அவளுடையவை. அவை எவையென்று நாம் கேட்கவில்லை. நம் பிள்ளைகளின் அமல்களை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக. அவர்களுடைய மானத்தைக் காக்கும் பொறுப்பை நமக்கு நினைவூட்டுவானாக. ஆமீன்.