திடீர்னு சிக்னல் போச்சா? முதலில் உங்கள் நம்பருக்கே கால் போட்டுப் பாருங்கள்

திருநின்றவூரிலிருந்து மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறவருக்கு வழியில் சிக்னல் போனால், "டவர் இல்ல போல" என்று போனைப் பையில் போட்டுவிடுவார். சிம் ஸ்வாப் மோசடிக்காரர்கள் நம்பியிருப்பது இந்த அலட்சியத்தைத்தான்.

2018 டிசம்பர் கடைசியில், மும்பை மாஹிம் பகுதியைச் சேர்ந்த துணி வியாபாரி ஒருவரின் போனுக்கு நள்ளிரவில் ஆறு மிஸ்டு கால்கள் வந்தன. பிறகு சிம் செயலிழந்தது. சேவை நிறுவனத்தைக் கேட்டால், புது சிம் கேட்டு அவரே இரவில் கோரிக்கை வைத்ததாகப் பதில் வந்தது. அதற்குள் 28 பரிவர்த்தனைகளில் 1.86 கோடி ரூபாய் போயிருந்தது. சுமார் 20 லட்சத்தைத்தான் மீட்க முடிந்தது.

நடப்பது இதுதான். போலி லிங்க் மூலமோ, "வங்கியிலிருந்து பேசுறோம்" என்ற அழைப்பு மூலமோ நெட்பேங்கிங் விவரங்களை முன்பே எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது ஓடிபி மட்டும். அதற்காக, சிம் தொலைந்துவிட்டதாகச் சொல்லி உங்கள் எண்ணில் வேறு சிம் வாங்குகிறார்கள், அல்லது உங்களையே ஏமாற்றி இ-சிம்முக்கு மாற்ற வைக்கிறார்கள். புது சிம் உயிர்பெற்ற நொடியில் பழையது செத்துவிடும்.

சிம் மாற்றியபின் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வசதியை நிறுத்திவைக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டிருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் குரல் அழைப்பில் வரும் ஓடிபியை இது தடுக்காது. அந்த ஒரு நாளை நீங்கள் தூங்கிக் கழித்தால் ஏற்பாட்டுக்கே அர்த்தமில்லை.

டவர் கோளாறா, மோசடியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? போனை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பக்கத்தில் அதே நெட்வொர்க் வைத்திருப்பவருக்குச் சிக்னல் இருக்கிறதா என்று கேளுங்கள். அவர் போனிலிருந்தே உங்கள் எண்ணை அழையுங்கள். கையிலிருக்கும் போன் சும்மா கிடக்க, எதிர்முனையில் ரிங் போனால், அந்த எண் இப்போது வேறொருவர் கையில் இருக்கலாம். எஸ்எம்எஸ் வராவிட்டாலும் வைஃபையில் மின்னஞ்சல் வரும். கடவுச்சொல் மாற்றம், புதிய பயனாளி சேர்ப்பு என்று நீங்கள் செய்யாத எதற்காவது அலர்ட் வந்திருந்தால் காத்திருக்க வேண்டாம்.

இரவல் போனிலிருந்தே முதலில் வங்கியை அழைத்து நெட்பேங்கிங், யூபிஐ, கார்டுகளை முடக்கச் சொல்லுங்கள். அடுத்து சிம் நிறுவனத்தை அழைத்து, புது சிம்மை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும். திருடிய பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். ஏடிஎம்மில் எடுக்கப்படுவதற்குள் தகவல் போனால்தான் அதை முடக்க வழியுண்டு. புகாரை cybercrime.gov.in தளத்திலும் பதியலாம்.

வங்கியிடம் சொன்ன நேரத்தையும் புகார் எண்ணையும் குறித்துவையுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 சுற்றறிக்கைப்படி, தவறு உங்களுடையதோ வங்கியுடையதோ இல்லாதபோது, வங்கியின் தகவல் கிடைத்து மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் இழப்பு உங்கள் தலையில் விழாது. பாஸ்வேர்டை நீங்களே கொடுத்திருந்தால், புகார் சொல்லும்வரை போனது உங்கள் இழப்பு. சொன்ன பிறகு போவது வங்கியின் பொறுப்பு.