5 நாள் சிங்கப்பூர் ட்ரிப்: ரோமிங் பேக்கா, டிராவல் இ-சிம்மா, லோக்கல் சிம்மா?

சாங்கி ஏர்போர்ட்டில் இறங்கியதும் இந்திய சிம்மைக் கழற்றி பர்ஸில் வைத்துவிட்டு, லோக்கல் சிம் போடுகிறார் ஒருவர். நெட் சூப்பர். ஆனால், ஆன்லைனில் டிக்கெட் புக் செய்யும்போது ஓடிபி வரவில்லை. எப்படி வரும்? அது வரவேண்டிய சிம் பர்ஸில் இருக்கிறதே! விலையைவிட முக்கியமான விஷயம் இதுதான்.

ரோமிங் பேக்: அதே நம்பரில் கால், ஓடிபி, டேட்டா எல்லாம் கிடைக்கும். டேட்டாவுக்கான செலவுதான் பொதுவாக அதிகம்.

லோக்கல் சிம்: பாஸ்போர்ட் காட்டி வாங்க வேண்டும். உள்ளூர் நம்பரும் தாராளமான டேட்டாவும் கிடைக்கும்.

டிராவல் இ-சிம்: கிளம்பும் முன்பே வீட்டு வைஃபையில் இன்ஸ்டால் செய்துவிடலாம். பெரும்பாலும் டேட்டா மட்டும்தான், நம்பர் இருக்காது. வாட்ஸ்அப் பழைய நம்பரிலேயே ஓடும்.

அப்போ எது பெஸ்ட்?

போனில் இ-சிம் வசதி இருந்தால், இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வதே லாபம். ஊரிலேயே இந்திய சிம்மில் சர்வதேச ரோமிங் சேவையை ஆக்டிவேட் செய்துவிட்டு, அதன் டேட்டா ரோமிங்கை மட்டும் ஆஃப் செய்ய வேண்டும். ரோமிங்கில் எஸ்எம்எஸ் பெற பொதுவாகக் கட்டணம் இல்லை, ஓடிபி வந்துவிடும். பேக் இல்லாமல் காலை அட்டெண்ட் செய்தால்தான் காசு போகும்.

பலர் சறுக்குவது இங்கேதான்: இ-சிம்மில் டேட்டா ரோமிங் ஆன் செய்ய வேண்டியிருக்கும். பல டிராவல் இ-சிம்கள் வேறு நாட்டு நிறுவனத்துடையவை என்பதே காரணம். சிக்னல் இருந்தும் நெட் வரவில்லையா? முதலில் இதைப் பாருங்கள். டேட்டா தானாக இன்னொரு சிம்முக்கு மாறும் செட்டிங்கையும் ஆஃப் செய்துவிடுங்கள்.

ஆபீஸ் கால்களை எடுத்தே ஆக வேண்டும் என்பவர்களுக்கும், ஒரே சிம் ஸ்லாட் உள்ள, இ-சிம் வசதி இல்லாத போன் வைத்திருப்பவர்களுக்கும் ரோமிங் பேக்தான் சரி.